வீட்டுக்கடன் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு: வங்கியின் கணக்கை நாமே போட்டுச் சரிபார்ப்பது எப்படி?

நான் வீட்டுக்கடன் வாங்கிப் பத்து மாதங்கள் வரை ஸ்டேட்மெண்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் குறைந்த பிறகும் என் கடனின் வட்டி குறையவில்லை என்ற ஐயம் வந்தபோது கிளைக்குச் சென்று கேட்டேன். "எல்லாம் சிஸ்டமே கணக்குப் போடும் சார், அதில் தவறு வராது" என்று சொன்னார்கள். தவறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆயின. எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும், எந்த எண்ணை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டு மாலைகளில் முடிந்திருக்கக்கூடிய வேலை அது. வங்கியில் மாறும் வட்டியில் வீட்டுக்கடன் வாங்கி மாதத் தவணை கட்டுபவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக என் கடனையே வைத்துக்கொள்கிறேன். கடன் தொகை 30,00,000 ரூபாய். ஆண்டு வட்டி 8.5 சதவீதம். காலம் 20 ஆண்டுகள், அதாவது 240 தவணைகள். பணம் விடுவிக்கப்பட்ட நாள் 5 ஜூன் 2024. தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி.

1. முதலில் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

சாங்ஷன் லெட்டர் எனப்படும் அனுமதிக் கடிதம், கையெழுத்திட்ட கடன் ஒப்பந்தம், பணம் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து இன்றுவரையிலான கடன் கணக்கின் ஸ்டேட்மெண்ட், வட்டி மாறியபோது வந்த குறுஞ்செய்திகள் அல்லது மின்னஞ்சல்கள், இடையில் அசலுக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தால் அதற்கான ரசீது ஆகிய ஐந்தும் வேண்டும்.

இவற்றுள் பலரிடமும் இல்லாதது ஒப்பந்தத்தின் நகல்தான். அதைத் தவிர்க்க முடியாது, ஏனெனில் வட்டி மாதக் கணக்கா நாள் கணக்கா, வட்டி விகிதம் எந்தத் தேதியில் மாற்றியமைக்கப்படும் என்ற இரண்டு செய்திகளும் அதில் மட்டுமே தெளிவாக இருக்கும். கிளையில் எழுதிக் கொடுத்துக் கேட்டபோது எனக்கு எட்டு வேலைநாட்களில் நகல் கிடைத்தது. ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய் வாங்கினார்கள். இந்தக் கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். 2024 அக்டோபர் முதல் கடன் வாங்கியவர்களுக்கு, கடனின் முக்கிய விவரங்களும் தவணை அட்டவணையும் அடங்கிய விவரத்தாள் ஒன்றை வங்கி கட்டாயம் கொடுத்திருக்கும். அதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேட்மெண்டை நெட் பேங்கிங்கில் அன்றைக்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒருமுறைக்கு ஓராண்டு அளவுக்குத்தான் தரும் என்பதால், ஆண்டு ஆண்டாகப் பிரித்து எடுங்கள். இது தவிர, ஒவ்வொரு காலாண்டின் முடிவிலும் அதுவரை பிடித்த அசல், வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கடன்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் கூறியிருக்கிறது. அந்தக் காலாண்டு அறிக்கை உங்களுக்கு வரவில்லை என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அனுமதியின்போது அச்சடித்துக் கொடுத்த தவணை அட்டவணையை வைத்து ஒப்பிடத் தொடங்காதீர்கள். மாறும் வட்டிக் கடனில் வட்டி முதல்முறை மாறியதுமே அந்த அட்டவணை பயனற்றுப் போகிறது. நான் முதல் வாரம் முழுவதையும் அதை வைத்துத்தான் வீணடித்தேன்.

2. மாதக் கணக்கா, நாள் கணக்கா என்பதை உறுதி செய்யுங்கள்

இந்த ஒன்றைத் தவறாக எடுத்துக்கொண்டால் அதன் பிறகு போடும் எல்லாக் கணக்கும் தவறாகத்தான் வரும், வங்கி சரியாகவே செய்திருந்தாலும் உங்களுக்குத் தவறாகத் தெரியும்.

மாதக் கணக்கில், ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து மாத வட்டி போடுவார்கள். மாதத்திற்கு 28 நாளா 31 நாளா என்பது பொருட்டில்லை. 30,00,000 ரூபாய்க்கு 8.5 சதவீதத்தில் மாத வட்டி 21,250 ரூபாய். நாள் கணக்கில், அன்றன்று நிலுவையில் இருக்கும் அசலுக்கு ஒரு நாள் வட்டி போட்டு, அந்த மாதத்தின் நாட்களுக்குக் கூட்டுவார்கள். அதே 30,00,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி 698.63 ரூபாய். ஆகவே 31 நாள் மாதத்தில் 21,657.53 ரூபாயும், 30 நாள் மாதத்தில் 20,958.90 ரூபாயும், 28 நாள் பிப்ரவரியில் 19,561.64 ரூபாயும் வரும்.

ஒப்பந்தம் கையில் வரும் முன்பே இதை ஸ்டேட்மெண்டிலிருந்து ஓரளவு கணித்துவிடலாம். மாதந்தோறும் வட்டி சிறிது சிறிதாக, ஒரே சீராக இறங்கிக்கொண்டே வந்தால் அது மாதக் கணக்கு. ஏறியும் இறங்கியும், பிப்ரவரி நாட்களுக்கான வட்டியில் மட்டும் திடீரென்று ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைந்தும் தெரிந்தால் அது நாள் கணக்கு. நாள் கணக்கில் லீப் ஆண்டில் 365ஆல் வகுக்கிறார்களா 366ஆல் வகுக்கிறார்களா என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். மேற்சொன்ன தொகைக்கு 30 நாள் மாதத்தில் அதனால் வரும் வேறுபாடு 57 ரூபாய். 2024ஆம் ஆண்டுக்கான வரிகளில் மட்டும் அப்படியொரு வேறுபாடு தெரிந்தால் முதலில் இதை நினைத்துப் பாருங்கள்.

என் கடன் மாதக் கணக்கு.

3. தவணைத் தொகையைச் சரிபாருங்கள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் ஆகிய மூன்றிலும் ஒரே சூத்திரம்தான்.

```
=ROUND(PMT(8.5%/12,240,-3000000),2)
```

விடை 26034.70. வங்கி இதை அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி 26,035 ரூபாய் என்று வைத்திருந்தது, அது சரி. ஒரு ரூபாய்க்கும் மேலாக வேறுபாடு வந்தால், கடன் தொகையோடு காப்பீட்டு பிரீமியம் போன்ற ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று அனுமதிக் கடிதத்தில் பாருங்கள். பலருக்கு இது தெரியாமலேயே நடந்திருக்கும்.

4. உங்கள் அட்டவணையைப் போடுங்கள்

முதல் வரிசையில் தலைப்புகளை எழுதுங்கள். A தேதி, B வட்டி விகிதம், C தொடக்க நிலுவை, D வட்டி, E தவணை, F அசல், G முடிவு நிலுவை, H வங்கி காட்டும் வட்டி, I வேறுபாடு. இரண்டாம் வரிசையில் பணம் விடுவிக்கப்பட்ட தேதியை A2இலும், கடன் தொகையை G2இலும் இடுங்கள். மூன்றாம் வரிசையிலிருந்து தவணைகள் தொடங்கும்.

```
C3:  =G2
D3:  =ROUND(C3*B3/12,0)
F3:  =E3-D3
G3:  =C3-F3
I3:  =H3-D3
```

நாள் கணக்குக் கடனாக இருந்தால் D நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும்.

```
D3:  =ROUND(C3*B3*(A3-A2)/365,0)
```

பிறகு மூன்றாம் வரிசையைக் கீழே இழுத்து நகலெடுத்துக்கொள்ளலாம். A, B, E, H ஆகிய நான்கும் நீங்கள் கையால் இடவேண்டியவை. B நெடுவரிசையில் அந்தத் தவணைக் காலத்திற்கு ஒப்பந்தப்படி வரவேண்டிய விகிதத்தை 8.5% என்பதுபோல் சதவீதக் குறியோடு இடுங்கள், வங்கி போட்டிருக்கும் விகிதத்தை அல்ல.

என் அட்டவணையின் முதல் மூன்று வரிகள் இப்படி வந்தன. 5 ஜூலை 2024 தவணையில் வட்டி 21,250, அசல் 4,785, மீதி 29,95,215. ஆகஸ்ட் தவணையில் வட்டி 21,216, அசல் 4,819, மீதி 29,90,396. செப்டம்பர் தவணையில் வட்டி 21,182, அசல் 4,853, மீதி 29,85,543. 26,035 ரூபாய் கட்டினால் ஐயாயிரம்கூட அசலுக்குப் போகவில்லையே என்று முதலில் பார்ப்பவர்கள் திகைப்பார்கள். அது தவறில்லை. நிலுவை முழுவதற்கும் அந்த மாத வட்டியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் அசலில் கழிகிறது.

பணம் விடுவிக்கப்பட்ட தேதியில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்திட்ட நாளிலிருந்தோ, காசோலை எழுதப்பட்ட நாளிலிருந்தோ வட்டி போட்டிருப்பார்கள், காசோலை கைக்கு வந்ததோ சில நாட்கள் கழித்தாக இருக்கும். பணம் உண்மையில் வழங்கப்படும் முன்பே வட்டி போடுவது நியாயமற்ற நடைமுறை என்று ரிசர்வ் வங்கி 29 ஏப்ரல் 2024 சுற்றறிக்கையில் கண்டித்திருக்கிறது. மாதத்தின் நடுவில் பணம் வழங்கிவிட்டு முழு மாதத்திற்கும் வட்டி வாங்குவதையும் அதே சுற்றறிக்கை கண்டிக்கிறது. ஆகவே முதல் வரியை மட்டும் தேதியோடு நிதானமாகப் பாருங்கள். பணம் வந்த நாளுக்கும் தவணைகள் தொடங்கும் நாளுக்கும் இடையே சில நாட்கள் இருந்தால், அந்த நாட்களுக்கான வட்டி ஸ்டேட்மெண்டில் தனி வரியாக இருக்கும். அதில் அசல் எதுவும் கழியாது.

5. ஸ்டேட்மெண்டிலிருந்து வங்கியின் எண்களை எடுத்து எழுதுங்கள்

சில வங்கிகளின் ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு தவணைக்கும் வட்டி, அசல் என்று பிரித்தே காட்டியிருக்கும். பலவற்றில் அப்படி இருக்காது. வட்டி ஒரு பற்று வரியாகவும், நீங்கள் கட்டிய தவணை ஒரு வரவு வரியாகவும் தனித்தனியே நிற்கும். அப்படியானால் பற்றில் இருக்கும் வட்டியை H நெடுவரிசையில் எழுதுங்கள். தவணையில் அது போக மீதிதான் அசல்.

பற்று வரிகளில் வட்டியல்லாத எதையாவது கண்டால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம், தவணை திரும்பியதற்கான கட்டணம், காப்பீடு போன்றவை கடன் கணக்கிலேயே பற்று எழுதப்பட்டால் நிலுவை அந்த அளவுக்கு ஏறிவிடும், அதன்மேல் வட்டியும் ஓடும். உங்கள் அட்டவணையில் அவை இல்லாததால் அந்த மாதத்திலிருந்து கணக்கு பிசகும்.

எண்களை எழுதி முடித்ததும் நிதியாண்டின் இறுதியில் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். என் கடனில் 2024 ஜூலை முதல் 2025 மார்ச் வரை ஒன்பது தவணைகள். மொத்தம் கட்டியது 2,34,315 ரூபாய். அதில் வட்டி 1,90,010, அசல் 44,305. நிலுவை 30,00,000இலிருந்து 29,55,695ஆக இறங்கியிருந்தது, அதாவது அதே 44,305. இந்த இரண்டும் பொருந்தினால் எழுதியதில் பிழையில்லை என்று கொள்ளலாம். வருமான வரிக்காக வங்கி தரும் வட்டிச் சான்றிதழோடும் இதை ஒப்பிடலாம். ஆனால் சில வங்கிகள் தவணை நாள்வரை அல்லாமல் மார்ச் 31 வரை சேர்ந்த வட்டியைச் சான்றிதழில் காட்டும். அப்போது சில நாட்களின் வட்டி அளவுக்கு வேறுபடும், அதைத் தவறு என்று எண்ணிவிடாதீர்கள்.

6. முதல் வேறுபாட்டைக் கண்டுபிடித்து, அது எதனால் வந்தது என்று பாருங்கள்

I நெடுவரிசையில் சுழியமோ ஒன்றிரண்டு ரூபாயோ இருந்தால் அது பைசாவை முழு ரூபாயாக்குவதில் வரும் வேறுபாடு, விட்டுவிடலாம். அதற்கு மேற்பட்ட தொகை எந்த வரியில் முதன்முதலாகத் தோன்றுகிறதோ அந்த ஒரு வரியை மட்டும் ஆராயுங்கள். அதற்குக் கீழே உள்ள வேறுபாடுகள் பெரும்பாலும் அதன் விளைவுகளே.

என் அட்டவணையில் பத்துத் தவணைகள் ஒரு ரூபாயும் பிசகாமல் பொருந்தின. 5 ஏப்ரல் 2025 தவணைக்குப் பிறகு இருவர் கணக்கிலும் நிலுவை 29,50,596. பதினோராவது தவணையில், அதாவது 5 மே 2025இல், என் கணக்கில் வட்டி 20,285 ரூபாய், வங்கியின் கணக்கில் 20,900 ரூபாய். வேறுபாடு 615 ரூபாய்.

இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். வங்கி காட்டிய வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி, அந்த வரியின் தொடக்க நிலுவையால் வகுங்கள்.

```
=20900*12/2950596
```

விடை ஏறத்தாழ 0.085, அதாவது 8.5 சதவீதம். வங்கி எந்த விகிதத்தில் வட்டி போட்டது என்பது இதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. வர வேண்டியது 8.25 சதவீதம்.

8.25 எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் வாதிடும்போது இதைத்தான் கேட்பார்கள். என் ஒப்பந்தப்படி வட்டி என்பது ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் கூட்டியது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 5ஆம் தேதியில், அன்று நடப்பில் உள்ள ரெப்போவை வைத்து மாற்றியமைக்க வேண்டும். 7 பிப்ரவரி 2025இல் ரெப்போ 6.50இலிருந்து 6.25க்குக் குறைந்தது. ஆகவே 5 ஏப்ரல் முதல் 8.25. அடுத்த குறைப்பு 9 ஏப்ரலில் வந்தது, மாற்றியமைக்கும் நாளுக்கு நான்கு நாட்கள் கழித்து. அதனால் அது ஜூலை 5 வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதற்கு வங்கியைக் குறைசொல்ல இயலாது. 6 ஜூனில் அரை சதவீதம் குறைந்ததும் சேர்ந்து, ஜூலை 5இல் ரெப்போ 5.50, என் வட்டி 7.50 என்றாக வேண்டும்.

இதில் பலரும் தடுமாறும் இடம், புதிய விகிதம் எந்தத் தவணையில் முதலில் தெரியும் என்பது. ஏப்ரல் 5 தவணையில் இருக்கும் வட்டி, மார்ச் 5 முதல் ஏப்ரல் 5 வரையிலான காலத்திற்கானது. அதில் பழைய விகிதம் இருப்பதே முறை. புதிய விகிதம் மே 5 தவணையில்தான் தென்படும். உங்கள் கடனில் மாற்றியமைக்கும் நாளும் தவணை நாளும் வெவ்வேறாக இருந்தால், அந்த ஒரு மாதத்தை மட்டும் இரண்டாகப் பிரித்து, பழைய விகிதத்தில் இத்தனை நாள், புதிய விகிதத்தில் இத்தனை நாள் என்று நாள் கணக்கில் போடுங்கள்.

என் கணக்கில் வங்கி ஏப்ரல் மாற்றத்தை முற்றிலும் தவறவிட்டுவிட்டு, ஜூலை 5இல் நேராக 7.50க்குத் தாவியிருந்தது. மே, ஜூன், ஜூலைத் தவணைகளில் கூடுதலாகப் பிடித்தவை 615, 618, 621 ரூபாய். மொத்தம் 1,854. வங்கியின் நிலுவை 29,35,082, என்னுடையது 29,33,228. ஆகஸ்ட் தவணையில் இரண்டு பக்கமும் 7.5 சதவீதம்தான், ஆயினும் 11 ரூபாய் வேறுபட்டது. அந்த 1,854 ரூபாய் அசலில் கழியாமல் நின்றதால் அதன்மேல் ஓடிய வட்டி அது. இதை இப்படியே விட்டிருந்தால், கடன் முடியும்போது 6,200 ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கும்.

இன்னொரு வகைத் தவறு என் அக்காவின் கணக்கில் வந்தது. அவர் 2,00,000 ரூபாயை அசலில் கழிக்கச் சொல்லிக் கட்டியிருந்தார். அடுத்த மாதத் தவணையில் நாங்கள் போட்ட கணக்குக்கும் வங்கியின் கணக்குக்கும் 1,375 ரூபாய் வேறுபாடு. விகிதத்தில் தவறு என்றால் வேறுபாடு நிலுவையின் அளவைப் பொறுத்திருக்கும். இங்கேயோ வேறுபாட்டைப் பன்னிரண்டால் பெருக்கி அவருடைய வட்டியான 8.25 சதவீதத்தால் வகுத்தால் சரியாக 2,00,000 வருகிறது.

```
=1375*12/8.25%
```

இப்படி நீங்கள் கட்டிய தொகையே விடையாக வந்தால், அந்தப் பணம் கடன் கணக்குக்குள் வந்துவிட்டது, ஆனால் அசலில் கழிக்கப்படாமல் வரும் தவணைகளுக்கான முன்பணமாகக் கிடக்கிறது என்று பொருள். நெட் பேங்கிங்கில் கடன் கணக்குக்கு வெறுமனே பணம் மாற்றினால் இது அடிக்கடி நேர்கிறது. அசலில் கழிப்பதற்கென்று தனி விருப்பம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அன்றே கிளைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனில் இப்படி முன்கூட்டிக் கட்டுவதற்கு வங்கி கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது.

7. வட்டி மாறியபின் மீதித் தவணைகளைக் கணக்கிடுங்கள்

வட்டி குறைந்தும் தவணைத் தொகை மாறாமல் இருந்தால், குறைந்த வட்டியின் பயன் முழுவதும் காலத்தில்தான் தெரிய வேண்டும். என் கடனில் பதின்மூன்று தவணைகள் முடிந்து 7.5 சதவீதம் தொடங்கிய இடத்தில் இதைப் போட்டேன்.

```
=NPER(7.5%/12,-26035,2933228)
```

விடை 195.48. அதாவது இன்னும் 196 தவணைகள், கடைசித் தவணை அரைகுறையாக இருக்கும். பழைய அட்டவணைப்படி 227 தவணைகள் மீதம் இருந்திருக்கும், ஆக 31 தவணைகள் குறைகின்றன. காலாண்டு அறிக்கையில் வங்கி காட்டும் மீதித் தவணைகளின் எண்ணிக்கை இதற்கு ஒன்றிரண்டுக்குள் இருக்க வேண்டும். பழைய எண்ணிக்கையே நின்றால், உங்களைக் கேளாமல் தவணைத் தொகையைக் குறைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தவணையைக் குறைப்பதா காலத்தைக் குறைப்பதா என்பதில் எனக்குக் காலத்தைக் குறைப்பதே மேலானதாகப் படுகிறது, ஏனெனில் மொத்த வட்டி அதில்தான் பெருமளவு குறைகிறது.

வட்டி ஏறும்போது இதே சூத்திரம் பிழை காட்டினால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டும் தவணை அந்த மாத வட்டிக்கே போதவில்லை, அசல் குறைவதற்கு மாறாக வளர்கிறது என்பது அதன் பொருள்.

8. எழுத்தில் கேளுங்கள்

வாய்ச்சொல்லில் கேட்டால் "சிஸ்டம்" என்ற விடைதான் கிடைக்கும். ஒரே பக்கத்தில், முதல் வேறுபாட்டை மட்டும் குறிப்பிட்டு எழுதுங்கள். முழு அட்டவணையை இணைப்பாக வையுங்கள். நான் எழுதியது இது.

"எனது வீட்டுக்கடன் கணக்கில் 5.5.2025 தவணைக்குத் தொடக்க நிலுவை ரூ. 29,50,596. தாங்கள் பிடித்த வட்டி ரூ. 20,900, இது ஆண்டுக்கு 8.50 சதவீதம். ஒப்பந்தத்தின் வட்டி மாற்றப் பிரிவின்படி 5.4.2025 முதல் பொருந்தும் விகிதம் 8.25 சதவீதம்; அதன்படி வட்டி ரூ. 20,285. இதே தவறு ஜூன், ஜூலைத் தவணைகளிலும் தொடர்ந்துள்ளது. 5.8.2025 நிலவரப்படி நிலுவையில் ஏற்பட்ட வேறுபாடு ரூ. 1,865. இத்தொகையை உரிய தேதிகளிலிருந்து நடைமுறைக்கு வருமாறு அசலில் வரவு வைத்து, திருத்திய தவணை அட்டவணையை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தையும் ஸ்டேட்மெண்டின் அந்த மூன்று வரிகளையும் நகலெடுத்து இணைத்தேன். கிளையில் கொடுத்து, இன்னொரு படியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதே நாளில் வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கும் அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அந்தத் தேதியிலிருந்து 30 நாட்கள் எண்ண வேண்டும். அதற்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் பதியலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வங்கிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுக்காமல் நேரே அங்கே சென்றால் ஏற்கமாட்டார்கள் என்பதால்தான் முத்திரையிட்ட அந்தப் படி முக்கியம்.

9. திருத்தத்தையும் சரிபாருங்கள்

எனக்குப் பன்னிரண்டாம் நாள் 1,854 ரூபாய் வரவு வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. 11 ரூபாய் விடுபட்டிருந்தது. தொகை சிறிதுதான், ஆனால் அது தவறாகப் பிடித்த வட்டியின் மேல் ஓடிய வட்டி. அதை விட்டுவிட்டால் திருத்தம் முழுமையாகாது, தொகை பெரிதாக உள்ளவர்களுக்கு அது ஆயிரங்களாகவும் இருக்கும். மறுபடியும் இரண்டு வரி எழுதினேன், அதையும் சேர்த்தார்கள்.

வரவு எழுதிய தேதி வேறு, அது நடைமுறைக்கு வரும் தேதி வேறு. ஸ்டேட்மெண்டில் இரண்டு தேதிகளும் தனித்தனியாக இருக்கும். எழுதிய தேதியிலிருந்து மட்டுமே பலன் கொடுத்தால் இடைப்பட்ட நாட்களின் வட்டி உங்கள் தலையில்தான். என் கணக்கில் 5 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வருமாறு எழுதியிருந்தார்கள், நிலுவை 29,25,526 ஆனது. அடுத்த தவணை வரும்வரை காத்திருந்து ஒரு வரி மட்டும் ஒப்பிட்டேன். 5 செப்டம்பர் 2025: என் அட்டவணையில் வட்டி 18,285 ரூபாய், அசல் 7,750. ஸ்டேட்மெண்டிலும் அதே இரண்டு எண்கள்.